சூன்யதாவை செகண்ட் இயர் பசங்களுக்கு எந்த உதாரணத்துல ஆரம்பிச்சு சொல்லிக்குடுக்குறீங்க?

மேகலா_தத்துவம்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல கெஸ்ட் லெக்சரரா இருக்கேன், பிஏ செகண்ட் இயருக்கு இந்தியத் தத்துவம் எடுக்குறேன், அதுல பௌத்தம் ஒரு யூனிட், அதுக்குள்ள நாகார்ஜுனருக்குன்னு எனக்குக் கிடைக்கறது மொத்தமே நாலு பீரியட். முதல் பீரியட்ல எல்லாரும் செய்யற மாதிரி நாற்காலிய எடுத்து முன்னாடி வச்சு, கால கழட்டிட்டா நாற்காலியா, முதுகு இல்லாட்டி நாற்காலியா, அப்ப நாற்காலிங்கறது எங்கதான் இருக்குன்னு கேட்டேன். கிளாஸ் நல்லா கலகலன்னு போச்சு, நானும் புரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். கடைசில ஒரு பேப்பர குடுத்து சூன்யதான்னா என்னன்னு ரெண்டு வரி எழுதச் சொன்னேன். பாதிப் பேரு "எதுவுமே இல்லை, எல்லாம் மாயை"ன்னு எழுதியிருக்காங்க. மீதிப் பேரு "நாற்காலி இல்லை, மரம்தான் உண்மை"ன்னு எழுதியிருக்காங்க. ரெண்டுமே தப்பு, ரெண்டுக்கும் நாந்தான் காரணம்னு தெரியுது.

இதுல சூனியம்ங்கற வார்த்தைய போர்டுல எழுதினதுமே பின் பெஞ்சுல "யாருக்கு மேடம் சூனியம் வச்சாங்க"ன்னு ஒரு குரல், அந்த சிரிப்பு அடங்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு. இன்னும் மூணு பீரியட் இருக்கு. எளிய உதாரணத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு படியா ஏத்திட்டுப் போகணும், எந்தப் படிக்கு அப்புறம் எந்தப் படி வைக்கணும்னு அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

அணு_பாண்டி

மேடம் நான் கெமிஸ்ட்ரி, ஆனா இந்த விஷயம் ரொம்பப் பிடிக்கும். இதுக்கு ஈஸியான வழி அணுதான். ஒரு அணுவ கால்பந்து மைதானம் சைஸுக்குப் பெருசாக்கினா நடுவுல உட்கரு ஒரு சின்ன உருண்டை அளவுதான் இருக்கும், மத்ததெல்லாம் வெத்திடம். அப்ப நாற்காலி, சுவரு, நாம எல்லாமே பெரும்பாலும் காலி இடம்தானே, இதைத்தான் அவங்க அந்தக் காலத்துலயே சூன்யம்னு சொல்லியிருக்காங்க. பசங்களுக்கு சயின்ஸோட சேத்து சொன்னா டக்குன்னு பிடிச்சுக்குவாங்க.

ஏட்டுச்சுவடி

பாண்டி தம்பி, ஆர்வம் நல்லது, ஆனா இந்த உதாரணத்த கிளாஸ்ல வைக்க வேணாம்னு கேட்டுக்கறேன், ஏன்னா அது பசங்கள அப்படியே எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டுரும். நீங்க சொல்றது இடம் காலியா இருக்கறது. நாகார்ஜுனர் பேசறது அது இல்ல. அணுவுக்குள்ள இடமே இல்லாம கெட்டியா அடைச்சிருந்தாலும் அவர் கணக்குல அது சூன்யம்தான், அந்த வெத்திடமும் சூன்யம்தான்.

மேகலா அம்மா, நான் முப்பது வருஷம் இதைக் கிளாஸ்ல சொல்லி ரிடையர் ஆனவன், நீங்க விழுந்த குழில நானும் பல வருஷம் விழுந்திருக்கேன். நாற்காலில ஆரம்பிக்கறதுதான் பிரச்சினை. அது நடுப்படி. கீழ ரெண்டு படி இல்லாம நேரா அதுல ஏத்துனா பசங்க நீங்க சொன்ன மாதிரி ரெண்டு பக்கமும் விழுவாங்க.

முதல் படி எதுன்னா, காலின்னு சொன்னா உடனே "எது இல்லாம காலி?"ன்னு கேக்குற பழக்கம். குடம் காலின்னா தண்ணி இல்ல, குடம் இருக்கு. பஸ் காலின்னா ஆள் இல்ல, பஸ் இருக்கு. இதுக்கு புத்தரோட பேச்சுலயே அருமையான உதாரணம் இருக்கு, மஜ்ஜிம நிகாயத்துல சூளசுஞ்ஞத சுத்தம்னு ஒண்ணு. மிகாரமாதாவோட மாளிகைல உக்காந்துக்கிட்டு ஆனந்தர்கிட்ட சொல்றாரு, இந்த மாளிகைல யானை இல்ல, மாடு இல்ல, குதிரை இல்ல, பொன் வெள்ளி இல்ல, அதெல்லாம் இல்லாம காலியா இருக்கு, ஆனா இங்க இருக்குற பிக்கு சங்கம் காலியா இல்லன்னு. நீங்க கிளாசுக்குள்ள போனதும் "இந்த ரூம்ல யானை காலி"ன்னு சொல்லிப் பாருங்க. சிரிப்பாங்க. சிரிச்சு முடிச்சதும், அப்ப நாகார்ஜுனர் பொருள் எல்லாம் காலின்னு சொன்னா எது இல்லாம காலின்னு கேளுங்க. சுபாவம் இல்லாம காலி. வேற எதையும் சாராம, தன் காலுலயே நிக்கிற ஒரு சொந்த இயல்பு, அது மட்டும்தான் இல்லைங்கறாரு. பொருள் இல்லைன்னு சொல்லவே இல்ல. இந்த "எது இல்லாம"ங்கறத போர்டு மூலைல எழுதி நாலு பீரியடும் அழிக்காம வைங்க.

ரெண்டாவது படி தயிர். இது என் கற்பனை இல்ல, நாகார்ஜுனரோட மூலமத்யமக காரிகை 13ஆம் அத்தியாயத்துலயே பாலும் தயிரும் வருது. பாலுக்குன்னு மாறாத சொந்தப் பால்தன்மை ஒண்ணு இருந்தா அது எப்படித் தயிராகும்? பாலேதான் தயிர்னா தயிர் ஊத்தி காபி போடலாமே. பாலுக்கும் தயிருக்கும் சம்பந்தமே இல்ல, தயிர் முழுக்க வேற பொருள்னா, அப்ப தண்ணிலயும் உறை ஊத்தித் தயிர் எடுக்கலாமே. ரெண்டும் முடியல. ஏன்னா பால் உள்ளுக்குள்ள பூட்டி வச்ச ஒண்ணா இல்ல, காரணங்களச் சார்ந்து இருக்கு. அந்த சூன்யம்தான் தயிர வரவிடுது. இதை மொதல்லயே சொல்லிட்டா "எதுவுமே இல்லை"ங்கற பதில் வராது, ஏன்னா சூன்யமா இருந்தாத்தான் காரியம் நடக்கும்ங்கறத கையோட பாத்துருவாங்க.

நாற்காலி இதுக்கு அப்புறம்தான்.

ஒரு சின்ன விஷயம், சூனியம்னு எழுதினதும் சிரிக்கறாங்கன்னா சார்புன்னு ஆரம்பிச்சுப் பாருங்க. மணிமேகலைல பன்னிரு நிதானத்த "சார்பு"ன்னுதான் சொல்றாங்க, பேதைமை செய்கை உணர்வுன்னு வரிசையா வரும். மணிமேகலை நாகார்ஜுனர் வாதத்த சொல்லல, அது வேற, ஆனா வார்த்தை நம்ம வீட்டு வார்த்தை. மூலமத்யமக காரிகை 24ஆம் அத்தியாயத்துல நாகார்ஜுனரே ஒரு காரிகைல, சார்ந்து தோன்றுவது எதுவோ அதைத்தான் சூன்யதைன்னு சொல்றோம்ங்கற அர்த்தத்துல எழுதியிருக்காரு. அப்ப சார்புலேர்ந்து உள்ள போறது பக்கவழி இல்ல, நேர் வழிதான்.

நிலாமுற்றம்

நான் படிக்கிற பொண்ணு இல்ல, ரெண்டு புள்ளைங்களுக்கு அம்மா, இந்தத் தலைப்பப் பாத்து உள்ள வந்தேன். போன ஆடில எங்கம்மா தவறிட்டாங்க. அதுலேர்ந்து வீட்டுல எல்லாரும் இருந்தும் உள்ள ஒரு வெறுமை. காலைல எழுந்து காபி போடறப்ப ரெண்டு டம்ளர் எடுத்துட்டு ஒண்ண திருப்பி வைப்பேன். யாரோ சொன்னாங்க பௌத்தத்துல வெறுமைதான் உச்ச நிலைன்னு. அப்ப நான் இப்ப இருக்கறதுதான் அதா, இதை எப்படி ஏத்துக்கறதுன்னு யாராவது சொல்லுங்க.

ஏட்டுச்சுவடி

அம்மா, மனசு கனத்துப் போச்சு படிச்சதும். உங்களுக்கு யார் சொன்னாங்களோ தெரியல, ஆனா நீங்க சொல்ற வெறுமையும் இங்க பேசறதும் ஒண்ணு இல்ல. உங்களது துக்கம், ஒரு ஆளோட இழப்பு. அதை உச்ச நிலைன்னு யாரும் சொல்லல, அதைத் தாங்கிக்கிட்டே இருக்கணும்னும் யாரும் சொல்லல. உங்க டம்ளர் காலியா இருக்கறது உங்கம்மா இல்லாததால. நாகார்ஜுனர் பேசறது இல்லாமைய இல்ல, இருக்கற பொருள் எப்படி இருக்குதுங்கறத. தூக்கம் சாப்பாடு எல்லாம் கெட்டுப்போற அளவுக்கு இருந்தா வீட்டுல யார்கிட்டயாவது சொல்லி ஒரு டாக்டர்கிட்ட கண்டிப்பா போங்கம்மா.

நிலாமுற்றம்

சரிங்கய்யா. எனக்குத்தான் தப்பா புரிஞ்சிருக்கு. இழையப் படிச்சிட்டு இருக்கேன், தயிர் வரைக்கும் புரிஞ்சுது.

பைலகுப்பே_ரவி

நான் பைலகுப்பேல கொஞ்ச வருஷம் திபெத்திய மரபுல படிச்சேன், அங்க விவாத முற்றத்துல நின்னு கை தட்டி கத்திக் கேள்வி கேப்பாங்க, அதுல அடி வாங்கித்தான் கத்துக்கிட்டேன். ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன வரிசை எனக்கும் சரின்னுதான் படுது. அங்க சார்புங்கறதயே மூணு மட்டமா சொல்லிக்குடுப்பாங்க, காரணத்தச் சார்ந்து இருக்கறது, பாகத்தச் சார்ந்து இருக்கறது, மனசு பேர் வச்சு சுட்டறதச் சார்ந்து இருக்கறது. கீழ இருக்கறது எளிசு, மேல போகப் போக நுணுக்கம். மேகலா மேடமோட நாற்காலி ரெண்டாவது மட்டம். கிளாஸ்ல பாதிப் பேரு "மரம்தான் உண்மை"ன்னு எழுதினாங்களே, அது சும்மா தப்பு இல்ல, பௌத்தத்துக்குள்ளயே அபிதர்மக்காரங்கன்னு ஒரு பிரிவு பல நூற்றாண்டு சொன்னதே கிட்டத்தட்ட அதுதான். வசுபந்து அபிதர்மகோசத்துல ஒரு சோதனை வைப்பாரு, பானைய உடைச்சா பானைங்கற எண்ணம் போயிரும், அப்ப அது வழக்குல மட்டும் உண்மை. எவ்வளவு உடைச்சாலும் எண்ணம் போகாத ஒண்ணு கிடைச்சா அது பரமார்த்தமா உண்மை. நாகசேனர் மிலிந்த ராஜாகிட்ட தேர வச்சுப் பேசறதும் இந்த மட்டத்துலயே நிக்குது, சக்கரம் தேரா, அச்சு தேரான்னு. அதனால நாற்காலி உதாரணம் மட்டும் சொல்லி நிறுத்துனா பசங்க அபிதர்மத்துலதான் நிப்பாங்க. அவங்க சரியாத்தான் போயிருக்காங்க, ஏணிதான் பாதில முடிஞ்சு போச்சு.

அணு_பாண்டி

ரவி அண்ணே, அப்ப நான் சொன்னதும் அதானே? நாற்காலி மரம், மரம் செல்லு, செல்லு மூலக்கூறு, கடைசில அணு, எலக்ட்ரான். கீழ ஏதோ ஒண்ணு உண்மையா இருந்துதானே ஆகணும், இல்லாட்டி எது மேல இதெல்லாம் நிக்குது?

பைலகுப்பே_ரவி

இதைத்தான் நாகார்ஜுனர் மறுக்கறாரு. பாண்டி, இதுக்கு கிளாஸ்ல ஒரு பைசா செலவில்லாம ஒரு வேலை செய்யலாம். தீப்பெட்டி ஏழு எடுங்க. ஒண்ண நடுவுல வைங்க. வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணு, முன்னாடி, பின்னாடி, மேல, கீழ, ஆறும் அதைத் தொடணும். இப்ப நடுப்பெட்டியோட எந்தப் பக்கம் வலது பெட்டியத் தொடுதோ அதே பக்கம் இடது பெட்டியத் தொடுதா? இல்ல. அப்ப நடுப்பெட்டிக்கு ஆறு பக்கம் இருக்கு. தீப்பெட்டிய மணல் அளவாக்குங்க, அதைவிட சின்னதாக்குங்க, பகுக்கவே முடியாத கடைசித் துகள்னு சொல்லுங்க, மத்ததோட சேந்து ஒரு பொருள உண்டாக்கணும்னா அதுக்கும் ஆறு பக்கம் வேணும், ஆறு பக்கம் இருந்தா அதுவும் பாகத்தச் சார்ந்தது. பக்கமே கிடையாதுன்னா ஆறும் ஒரே இடத்துல உக்காந்துரும், மலையே ஒரு துகள் சைஸுல இருக்கணும். இந்த வாதம் வசுபந்து விம்சதிகைல வச்சது. அப்ப அவர் யோகாசாரம்ங்கற வேற பௌத்தப் பிரிவுப் பக்கம் வந்துட்டாரு, நாகார்ஜுனரோட மத்யமகம் இல்ல, ஆனா இந்தப் படியத் தாண்ட இது கைகொடுக்கும்.

நீங்க எலக்ட்ரானுக்கு அளவே இல்லையேன்னு கேப்பீங்கன்னு தெரியும். சரி, அப்ப எலக்ட்ரானோட மின்னூட்டம், நிறை, இதெல்லாம் வேற எதோடயும் சேராம தனியா எப்படித் தெரிய வரும்னு நீங்களே கிளாஸ்ல கேட்டுப் பாருங்க, இயற்பியல்காரங்க அதுக்கு என்ன சொல்வாங்கங்கறது நாகார்ஜுனர் வேலை இல்ல, சயின்ஸ் அவரை நிரூபிச்சிருச்சுன்னு நான் சொல்ல வரல.

மூணாவது_பெஞ்ச்

வணக்கம், நான் வேற காலேஜ், ஆனா இதே பேப்பர்தான், ஸ்டூடண்ட். எங்க கிளாஸ்ல சார் ரூபா நோட்ட வச்சு சொன்னாரு. 2016 நவம்பர் 8 ராத்திரி அறிவிச்சாங்க, அதுக்கு முன்னாடி வரைக்கும் ஆயிரம் ரூபா நோட்டு பணம், அப்புறம் அதே காகிதம், அதே மை, அதே நூல், ஆனா கடைல வாங்க மாட்டாங்க. அப்ப பணம்ங்கறது காகிதத்துக்குள்ள இல்லன்னு. எனக்கு நல்லா புரிஞ்சுது. ஆனா வீட்டுக்குப் போனதும் ஒரு டவுட்டு, பணம் சூன்யம்னு ஒத்துக்கறேன், ஏன்னா அது மனுஷங்க வச்ச ஏற்பாடு. கல்லு அப்படி இல்லையே. அறிவிப்பு போட்டா கல்லு மாறாதே. எங்க சார்ட்ட கேட்டேன், அடுத்த கிளாஸ்ல பாக்கலாம்னாரு, சிலபஸ் முடிஞ்சிருச்சு.

ஏட்டுச்சுவடி

தம்பி நல்ல கேள்வி, இந்தக் கேள்வி வரணும்னுதான் நோட்ட மேல் படில வைக்கணும்ங்கறேன். அதை முதல்லயே வச்சா பசங்க "ஓ, மனுஷன் வச்ச ஏற்பாடு எல்லாம் சூன்யம், இயற்கை உண்மை"ன்னு பிரிச்சுக்குவாங்க. தயிரும் தீப்பெட்டியும் முன்னாடியே வந்திருந்தா கல்லும் காரணத்தச் சார்ந்தது, பாகத்தச் சார்ந்ததுன்னு ஏற்கெனவே தெரியும். அதுக்கு மேல ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி, எங்க கல்லு முடிஞ்சு எங்க மண்ணு ஆரம்பிக்குது, எது பாறை எது கல்லு எது ஜல்லி எது மணல்ங்கற கோடு யார் போட்டது. ஆத்து மணல் லாரிக்காரருக்கு ஒரு கோடு, கொத்தனாருக்கு ஒரு கோடு. கோடு கல்லுக்குள்ள இல்ல. ஆனா கவனி, கோடு நம்ம இஷ்டமும் இல்ல. ஜல்லிய மணல்னு சொல்லிப் பூசுனா சுவரு நிக்காது.

இதுலதான் பசங்க அடுத்து சறுக்குவாங்க, "அப்ப பேர் வச்சாப் போதுமா, கயிற பாம்புன்னு சொன்னா பாம்பா?"ன்னு. போதாது. இருட்டுல கயிற பாம்புன்னு நெனச்சா டார்ச் அடிச்சதும் அந்த எண்ணம் அடிபட்டுப் போகுது. கயிற கயிறுன்னு சொல்றது அப்படி அடிபடல, கிணத்துல தண்ணி இறைக்குது. கயிறும் சூன்யம், பாம்பும் சூன்யம், ஆனா ஒண்ணு வழக்குல செல்லும், இன்னொண்ணு செல்லாது. இந்த வித்தியாசத்த விட்டுட்டா எல்லாம் மாயைன்னு மறுபடி தரைக்கு வந்துருவோம்.

பைலகுப்பே_ரவி

ஐயா, இடைல விரல் உதாரணத்த விட்டுட்டீங்க. மோதிர விரல நீட்டி இது நீளமா குட்டையான்னு கேளுங்க. சுண்டு விரல் பக்கத்துல நீளம், நடு விரல் பக்கத்துல குட்டை. நீளம்ங்கறது அந்த விரலுக்குள்ள இருந்தா ரெண்டும் ஒரே சமயத்துல எப்படி? எங்க ஆசிரியர் கென் லா அதுலதான் எனக்குக் கதவத் திறந்தாரு.

ஏட்டுச்சுவடி

விட்டது தெரிஞ்சுதான் தம்பி. விரல்ல பசங்க "நீளம் ஒப்பீடு, விரல் உண்மை"ன்னு உடனே சொல்லிருவாங்க. குணம்தான் சார்பு, பொருள் சார்பு இல்லன்னு ஒரு புதுக் குழி. அதுக்கு பதிலா அப்பா பிள்ளைய வைப்பேன் நான், அது நாகார்ஜுனரோட விக்ரஹவ்யாவர்த்தனிலயே இருக்கு. பிள்ளைய அப்பாதான் உண்டாக்கறாரு. ஆனா அவர அப்பாவாக்குனது யாரு? பிள்ளை பொறக்கற வரைக்கும் அவர் அப்பா இல்ல. அப்ப யார் யாரை உண்டாக்குனாங்க? பசங்களுக்கு அதுல ஒரு நிமிஷம் பேச்சே வராது.

பைலகுப்பே_ரவி

அதுலயும் அதே குழிதான் ஐயா, "ஆள் உண்மை, அப்பாங்கறது உறவு"ன்னு சொல்லிர முடியுமே. நான் விரல்லதான் நிப்பேன், ஏன்னா கை எல்லாருக்கும் கைலயே இருக்கு, ஒரு செகண்டுல பாத்துரலாம்.

மேகலா_தத்துவம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மூணு பீரியடும் முடிஞ்சுது, நடந்தத எழுதறேன், கொஞ்சம் நீளம்.

யானை நல்லா வேலை செஞ்சுது. "இந்த ரூம்ல யானை காலி"ன்னதும் சிரிச்சாங்க, ஒருத்தன் எழுந்து "ஒட்டகமும் காலி மேடம்"னான், அதையே பிடிச்சுக்கிட்டு எது இல்லாம காலின்னு போர்டு மூலைல எழுதிட்டேன். சூனியம் வைக்கிற சிரிப்பு இந்த தடவ வரல, ஏன்னா மொதல் நாள் சூன்யம்ங்கற வார்த்தையவே எடுக்கல, சார்புதான்.

தயிருக்கு நான் ஒரு வேலை பண்ணேன். முந்தின ராத்திரி ஒம்பது மணிக்கு வீட்டுல மூணு டம்ளர் எடுத்தேன். ஒண்ணுல வெதுவெதுப்பான பாலும் ஒரு ஸ்பூன் உறைமோரும். ரெண்டாவதுல அதே பால், உறை இல்லாம. மூணாவதுல வெதுவெதுப்பான தண்ணி, அதே ஒரு ஸ்பூன் உறைமோர். மூடி வச்சுட்டுப் படுத்துட்டேன். காலைல மொதல் டம்ளர் கெட்டித் தயிர், சாய்ச்சா ஆடாம நின்னுச்சு. ரெண்டாவது லேசா வாடை வந்து திரியற மாதிரி இருந்துச்சே ஒழிய தயிர் இல்ல. மூணாவது வெள்ளைத் தண்ணி, அடில கொஞ்சம் வண்டல். மூணையும் கூடைல வச்சு பஸ்ல எடுத்துட்டுப் போனேன், டேபிள் மேல வரிசையா வச்சேன்.

தயிர் பாலுக்குள்ள ஏற்கெனவே இருந்துச்சான்னு கேட்டேன். இருந்துச்சுன்னாங்க. அப்ப ரெண்டாவது டம்ளர் ஏன் தயிராகல? உறைமோர்லதான் இருந்துச்சுன்னு ஒரு பொண்ணு சொன்னா. மூணாவது டம்ளரக் காட்டினேன். அப்ப ரெண்டும் சேந்த சேர்க்கைல இருந்துச்சுன்னாங்க. ராத்திரி ஒம்பது மணிக்கு சேந்துருச்சே, ஒம்பது மணிக்கு அந்த டம்ளர்ல தயிர் இருந்துச்சான்னா இல்ல. சரி, எதுலயும் இல்லாம புதுசா வந்துச்சுன்னா, சம்பந்தமே இல்லாததுலேர்ந்து வரலாம்னா, மூணாவதுலயும் வந்திருக்கணுமே. கிளாஸ் அப்படியே அமைதியாயிருச்சு. நாகார்ஜுனர் 20ஆம் அத்தியாயத்துல சேர்க்கைய வச்சு இதே கேள்விகளத்தான் கேக்குறாருன்னு அப்ப சொன்னேன். ஒரு பையன் "எத்தன மணிக்கு மேடம் தயிராச்சு"ன்னு கேட்டான், ரெண்டு மணிக்கா மூணு மணிக்கா. நான் பதில் சொல்லல, நீ முழிச்சிருந்து பாத்திருந்தா அந்த நிமிஷம் கண்டுபிடிச்சிருப்பியான்னு மட்டும் திருப்பிக் கேட்டேன்.

ரெண்டாவது நாள் தீப்பெட்டி. நடுப்பெட்டிக்குக் கீழயும் மேலயும் வைக்கறப்ப பக்கப் பெட்டிங்க அந்தரத்துல நிக்காம கீழ விழுந்துச்சு, நாலு பேர் கையால பிடிச்சுக்கிட்டாங்க, அதுவே நல்லதாப் போச்சு, எல்லாரும் கிட்ட வந்து பாத்தாங்க. "மரம்தான் உண்மை"ன்னு எழுதின பொண்ணே பெட்டியப் பிடிச்சுக்கிட்டு, அப்ப இதுக்கும் பக்கம் இருக்குல்லன்னு சொன்னா.

விரலும் வச்சேன், அப்பா பிள்ளையும் வச்சேன். ஐயா சொன்ன மாதிரி விரல்ல "நீளம்தானே சார்பு"ன்னு வந்துச்சு, ரவி சார் சொன்ன மாதிரி அப்பாலயும் "ஆள் உண்மைதானே"ன்னு வந்துச்சு. ரெண்டு பேரும் சொன்னது நடந்துச்சு. ஆனா முன்னாடியே தயிரும் தீப்பெட்டியும் இருந்ததால அந்த ஆளயும் விரலயும் எடுத்து இதுங்க மட்டும் எதையும் சாராம நிக்குதான்னு கேக்க முடிஞ்சுது.

கடைசிப் படில எனக்கு உதவி வேணும். ஒரு பையன் "அப்ப சூன்யம்தான் மேடம் கடைசி உண்மை, அதுலேர்ந்துதான் எல்லாம் வருது"ன்னு பிரம்மம் மாதிரி ஆக்கிட்டான். மணி அடிச்சிருச்சு. ஒரு எக்ஸ்ட்ரா பீரியட் கேட்டு வாங்கியிருக்கேன்.

அணு_பாண்டி

மேடம் அந்த மூணு டம்ளர் அருமை. ஒண்ணு சேத்துக்கலாம், உறைமோர்ல இருக்கற லாக்டிக் பாக்டீரியா பாலுல இருக்கற லாக்டோஸ அமிலமாக்குது, அமிலம் ஏறுனதும் கேசின் புரதம் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு கெட்டியாகுது, அதுக்கு வெதுவெதுப்பு வேணும். ஃப்ரிட்ஜுல வச்சிருந்தா முதல் டம்ளரும் ராத்திரிக்குள்ள ஆயிருக்காது. நாலாவதா ஒரு டம்ளர் ஃப்ரிட்ஜுல வைங்க. இத்தன காரணம் சேந்தாத்தான் தயிர்ங்கறது இன்னும் தெளிவாத் தெரியும். நான் மொதல்ல சொன்ன காலி இடம் வேறன்னு இப்ப ஒத்துக்கறேன்.

ஏட்டுச்சுவடி

பாண்டி தம்பி, ஃப்ரிட்ஜு டம்ளர் ரொம்ப நல்ல யோசனை.

மேகலா அம்மா, அந்தப் பையனுக்கு சந்திரகீர்த்தியோட கடை உதாரணம். அவர் 7ஆம் நூற்றாண்டு, காரிகைக்கு உரை எழுதினவர். 13ஆம் அத்தியாயக் கடைசில நாகார்ஜுனர், சூன்யதையவே ஒரு கொள்கையாப் பிடிச்சுக்கறவங்களுக்கு வைத்தியம் இல்லங்கற மாதிரி சொல்வாரு, அங்க இது வருது. கடைக்காரர் ஒருத்தர்கிட்ட "குடுக்க ஒண்ணும் இல்லப்பா"ங்கறாரு. வந்தவரு "சரி, அந்த ஒண்ணும் இல்லையக் குடுங்க"ங்கறாரு. அந்த ஆளுக்கு எப்படி ஒண்ணும் இல்லைன்னு புரிய வைப்பீங்க? நம்ம ஊர் மளிகைக் கடைல வச்சே சொல்லலாம். நாம சுபாவம் இல்லன்னு சொன்னா, உங்க பையன் அந்த இல்லைய பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போறான். சூன்யதையும் சார்ந்ததுதான், பால் இல்லாம பாலோட சூன்யதை கிடையாது. பின்னாடி எங்கயோ தனியா ஒரு சூன்யக் கடல் இல்ல. 24ல தப்பாப் பிடிச்ச பாம்பு பிடிச்சவனையே கடிக்கிற மாதிரின்னு அவரே எச்சரிக்கறது இதுக்குத்தான்.

பைலகுப்பே_ரவி

இங்க ஒரு சண்டை இருக்குங்கறதையும் பசங்களுக்கு சொல்லிருங்க மேடம். சுபாவம்ங்கற ஒண்ண மட்டும்தான் மறுக்கறோம், பால் பாலாவே இருக்குன்னு சொல்றது திபெத்திய குரு ட்சோங்கபா வழி, நான் படிச்சதும் அதுதான், ஐயா சொல்றதும் அதை ஒட்டி வருது. ஆனா 15ஆம் நூற்றாண்டுல கோரம்பான்னு இன்னொரு திபெத்திய குரு இதை எதிர்த்தாரு, அப்படி சொன்னா மறுக்கற பொருள ரொம்ப சுருக்கிடறீங்க, இருக்கு, இல்ல, ரெண்டும், ரெண்டும் இல்லங்கற நாலு பக்கப் பிடியும் விடணும், அதுல பாலுங்கற பிடிய மட்டும் ஏன் பத்திரமா வச்சிருக்கீங்கன்னு. நான் ட்சோங்கபா பக்கம்தான், ஆனா அந்தக் கேள்விக்கு எனக்கு முழுப் பதில் இருக்குன்னு சொல்ல மாட்டேன்.

ஏட்டுச்சுவடி

எனக்கு கோரம்பா பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு தம்பி, ஆனா செகண்ட் இயருக்கு ட்சோங்கபாதான் பாதுகாப்பு. பிடிக்க எதுவுமே இல்லாம விட்டா திரும்ப "எதுவும் இல்ல"க்குப் போயிருவாங்க.

நிலாமுற்றம்

நடுவுல ஒரு கேள்வி கேக்கலாமா? பேர் வைக்கறதச் சார்ந்துதான் பொருள்னு மேல சொன்னீங்க. என் சின்னவனுக்கு ஏழு மாசம். அவனுக்கு பேச்சும் தெரியாது பேரும் தெரியாது. பசிச்சா வீடே அதிர அழறான். அவன் பசி எந்தப் பேரச் சார்ந்து இருக்கு?

பைலகுப்பே_ரவி

அம்மா, இந்தக் கேள்விய விவாத முற்றத்துல கேட்டிருந்தா நான் முழிச்சிருப்பேன். பேர்னா வாயில சொல்ற சொல்லு மட்டும் இல்ல, இது வேணும், இது நான்னு பிரிச்சுப் பிடிக்கிற மனசோட வேலைன்னு எங்க பக்கம் சொல்வாங்க, அது குழந்தைக்கும் உண்டு, கன்னுக்குட்டிக்கும் உண்டுன்னு.

ஏட்டுச்சுவடி

அது பாதிப் பதில்தான் ரவி. பசிங்கறத வலிலேர்ந்தும் தூக்கத்துலேர்ந்தும் பிரிச்சு எடுக்கறது நாம, அதனாலதான் சில சமயம் பால் குடுத்தும் அழுகை நிக்காம அப்புறம் காதுவலின்னு தெரியுது. ஆனா அந்த அழுகைக்கு உள்ள இருக்கற அவஸ்தை, அதை யாரும் பிரிக்கறதுக்கு முன்னாடி இருக்கறது, அதுவும் சுட்டறதச் சார்ந்ததான்னா எனக்குத் தெளிவா சொல்ல வரல. காரணத்தச் சார்ந்தது, அதுல சந்தேகமே இல்ல, பால் குடுத்தா அடங்குதே. மூணாவது மட்டத்துல அது எப்படி உக்காருதுன்னு யோசிச்சிட்டு எழுதறேன்.

மூணாவது_பெஞ்ச்

மேடம், பரீட்சைல "சூன்யவாதத்தை விளக்குக"ன்னு பத்து மார்க்குக்கு வந்தா இதெல்லாம் எப்படி எழுதறது? எங்க நோட்ஸ்ல "உலகம் உண்மையன்று என்னும் கொள்கை"ன்னு போட்டிருக்கு.

மேகலா_தத்துவம்

தம்பி, அந்த வரிய மட்டும் எழுதாதீங்க. 24ஆம் அத்தியாயத்துல முதல் ஆறு காரிகைல எதிராளி இதைத்தான் குத்தமா சொல்றாரு, எல்லாம் சூன்யம்னா நாலு வாய்மை இல்ல, பலன் இல்ல, சங்கம் இல்லன்னு. அதுக்கப்புறம் முழுக்க நாகார்ஜுனர் பதில், சூன்யமா இல்லாட்டித்தான் இதெல்லாம் நடக்காதுன்னு. எதிராளி சொன்னத அவரோட கொள்கையா எழுதிட்டா தலைகீழா ஆயிரும். எதிராளி கேள்வி, அவர் பதில், ஒரு உதாரணம் முழுசா, அவ்வளவு எழுதினாப் போதும்.

எங்க கிளாசுக்கு இன்டர்னல் டெஸ்டுக்கு ஒரே கேள்வி வைக்கறதா இருக்கேன்: "பால் சூன்யமாக இல்லாமல் இருந்தால் தயிர் கிடைக்குமா? மூன்று டம்ளர்களை வைத்து விளக்குக." ஐயா, இது சரியா இருக்கா?

ஏட்டுச்சுவடி

நல்லா இருக்கும்மா. "உறைமோரும் சூன்யமா?"ன்னு ஒரு கிளைக்கேள்வி மட்டும் சேருங்க, பாதிப் பேரு பாலை சூன்யம்னு எழுதிட்டு உறைமோர உண்மையாக்கி விட்டுருவாங்க. அப்புறம் பாண்டி தம்பியோட ஃப்ரிட்ஜு டம்ளரையும் சேத்து நாலுன்னு மாத்திக்குங்க.